வார நாள் அறைகள்: ஏற்காடு ரிசார்ட் ஒன்றுடன் முதல் மாதம்

ஏற்காட்டில் லூப் ரோட்டை ஒட்டி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே 14 அறைகள் கொண்ட ஒரு ரிசார்ட். அப்பா கட்டியது, இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். ஆனால் செக்கில் கையெழுத்து இன்னும் அப்பாவுடையதுதான். ஜூன் கடைசியில், கோடை விழா முடிந்து பள்ளிக்கூடங்களும் திறந்து மலை காலியாகிற நேரத்தில், சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் எங்கள் சிறிய விளம்பர ஏஜென்சிக்கு வந்தார்கள். "ஆன்லைன்ல நல்லா லீட் வரணுங்க" என்றார் மகன். மாதம் 20,000 ரூபாய் எங்கள் கட்டணம், 15,000 ரூபாய் விளம்பரச் செலவு என்று பேசி முடித்தோம்.

அந்த முதல் மாதம் என்ன செய்தோம், எதை வைத்து வெற்றி என்று முடிவு கட்டினோம், அந்த அளவுகோல் பிறகு எப்படி வேலை செய்தது என்பதை இங்கே எழுதுகிறேன். வாடிக்கையாளரின் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ரிஜிஸ்டரை வைத்துக் கேட்ட கேள்விகள்

புதிய வாடிக்கையாளருக்கு முப்பது, நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கம். "உங்கள் இலக்கு வாடிக்கையாளர் யார்?" என்று கேட்டால் "எல்லா ஃபேமிலியும்" என்று பதில் வரும். அது பொய்யில்லை, ஆனால் அதை வைத்து ஒரு வேலையும் நடக்காது. அதனால் படிவத்தை அனுப்பாமல் மலை ஏறிப் போய், ரிசப்ஷன் மேஜையில் தங்குவோர் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினோம். எந்த லாட்ஜிலும் ரிசார்ட்டிலும் அந்த நோட்டு இருக்கும். பெயர், வந்த ஊர், எத்தனை பேர், வந்த தேதி, போன தேதி எல்லாம் அதில் உண்டு.

முதலில் கேட்டது, எந்த நாளில் அறை காலியாகக் கிடந்தால் வலிக்கிறது என்பதுதான். மகன் யோசிப்பதற்குள் அப்பா சொன்னார்: "வெள்ளி, சனி நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம் தம்பி. அது தானா நிறைஞ்சுடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் கீழ இறங்கிட்டா, மறுபடி வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆறு பேரு சம்பளம் சும்மா போகுது."

இந்த ஒரு பதிலில் வேலையின் பாதி மாறிவிட்டது. "லீட் வேணும்" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு விளம்பரம் போட்டிருந்தால், வந்த விசாரணையில் பெரும்பகுதி சனிக்கிழமைக்குத்தான் இருந்திருக்கும். ஏற்கெனவே நிறைகிற நாளுக்குக் காசு கொடுத்து ஆள் கூப்பிட்டு, "ரூம் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

அடுத்து, கடைசியாக வார நாளில் வந்து தங்கியவர்கள் யார் யார் என்று ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். பெங்களூரிலிருந்து வந்த ஜோடிகள், ஓய்வு பெற்ற தம்பதிகள், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து புதுசாகக் கல்யாணமானவர்கள், எப்போதாவது பயிற்சி முகாமுக்கு வரும் ஒரு குழு. மகன் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். போன வருடம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை புதுமணத் தம்பதிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது ஆடி மாதம். கல்யாணமும் இல்லை, புதுப் பெண்ணும் அம்மா வீட்டில். ஆவணி பிறந்ததும் மறுபடி வருகிறார்கள். இந்தச் சின்னக் கவனிப்பு பிற்பாடு அளவுகோல் வைக்கும்போது ரொம்ப முக்கியமாகப் போயிற்று.

மூன்றாவது கேள்வி, போனை யார் எடுக்கிறார்கள், எத்தனை மணி வரை எடுக்கிறார்கள் என்பது. இதற்குச் சொல்லும் பதிலை நம்பி விடக் கூடாது, பார்த்துவிட வேண்டும். "எப்பவும் எடுப்போம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரிசப்ஷன் கைபேசியின் அழைப்புப் பட்டியலைத் திறந்தோம். ஒரு வாரத்தில் 38 அழைப்புகள் தவறியிருந்தன, அவற்றில் 26 இரவு எட்டு மணிக்கு மேல் வந்தவை. குடும்பத்தோடு உட்கார்ந்து டூர் போக இடம் பார்க்கிற நேரமே அதுதான். இங்கேயோ எட்டு மணிக்கு ரிசப்ஷன் பையன் டைனிங் ஹாலுக்குப் பரிமாறப் போய்விடுவான், கைபேசி மேஜையில் கிடக்கும். திருப்பிக் கூப்பிட்டதற்கான தடம் பாதிக்கும் குறைவு. நாங்கள் எவ்வளவு நன்றாக விளம்பரம் செய்தாலும் இந்த மேஜையில் வந்து எல்லாம் கசிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்டோம். முன்பு இருந்த ஏஜென்சி ஏன் போனது? மகன் அவர்கள் அனுப்பிய மாத அறிக்கைகளைக் காட்டினார். எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது, எத்தனை லைக் என்ற எண்கள் மாதாமாதம் ஏறியிருந்தன. "ஏறுதுங்க, ஆனா எங்க ரிஜிஸ்டர்ல ஏறல" என்றார் அப்பா. காசு கொடுக்கிறவர் எந்த நோட்டை நம்புகிறார் என்பது அங்கே தெரிந்துவிட்டது. எங்கள் அளவுகோலும் அந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சாவிகள் யாரிடம்

இரண்டாவது வாரம் முழுக்க ரிசார்ட்டின் ஆன்லைன் கணக்குகளுக்கு அணுகல் வாங்கும் வேலை. எங்கள் பட்டியல் ஒரு சாதாரண ஷீட். கணக்கின் பெயர், உரிமையாளர் யார், எங்களுக்கு எந்த அளவு அனுமதி போதும், கிடைத்ததா என்று நாலு பத்தி எல்லா ஏஜென்சியிலும் இருக்கும். ஐந்தாவதாக நாங்கள் வைத்திருப்பது, ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்ற பத்தி. நம் ஊர்த் தொழில்களில் பாஸ்வேர்ட் எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் ஓடிபி எப்போதோ வேலையை விட்டுப் போனவருடைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பத்தியை நிரப்பும்போதுதான் உண்மையான உரிமையாளர் யார் என்று வெளியே வரும்.

அப்படித்தான் ஆனது. கூகுள் மேப்பில் ரிசார்ட்டைத் தேடினால் வரும் பிசினஸ் புரொஃபைல், பழைய மேனேஜரின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. அவர் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். புரொஃபைலில் போய் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தக் கோரிக்கை இப்போதைய உரிமையாளரின் மின்னஞ்சலுக்குப் போகும், பதில் சொல்ல அவருக்கு 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நாமே சரிபார்த்து எடுக்க வாய்ப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த ஜிமெயிலை அவர் திறப்பதே இல்லை என்று தெரிந்ததால், மகனையே அவருக்குப் போன் போடச் சொன்னோம். "அண்ணே, ஒரு மெயில் வந்திருக்கும், அதை மட்டும் ஓகே பண்ணிடுங்க" என்று கேட்டதும் அன்று சாயங்காலமே வேலை முடிந்தது. ஆனால் அதோடு முழு உரிமை வந்துவிடாது. புதிதாகச் சேர்ந்த உரிமையாளர் பழையவரை நீக்கவோ முதன்மை உரிமையை மாற்றவோ 7 நாள் காத்திருக்க வேண்டும். முதல் மாத அட்டவணையில் இந்த ஏழு நாளை முன்கூட்டியே வைக்காவிட்டால், கடைசி வாரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதன்மை உரிமை ரிசார்ட்டுக்கென்று புதிதாகத் திறந்த மின்னஞ்சலுக்குப் போனது. அதன் ஓடிபி அப்பாவின் கைபேசிக்கு வரும். எங்களுக்கு மேலாளர் அனுமதி மட்டும். எங்கள் பெயரில் உரிமை வாங்கிக்கொள்வது அந்த நேரத்துக்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் நாளைக்கு நாங்கள் விலகினால், பழைய மேனேஜர் இருந்த இடத்தில் நாங்கள் இருப்போம்.

டொமைன் பெயர் இதைவிடக் கவலை தந்தது. அது மகனின் நண்பர் ஒருவர் பெங்களூரில் தன் கணக்கில் வாங்கிக் கொடுத்தது. புதுப்பிக்கும் தேதி செப்டம்பரில் வருகிறது, நினைவூட்டு மெயில் எல்லாம் நண்பருக்குப் போகிறது. அவர் ஒரு மாதம் கவனிக்கவில்லை என்றால் இணையதளமும் அந்தப் பெயரில் இருக்கும் மின்னஞ்சலும் ஒன்றாக நின்றுவிடும். இங்கே ஒரு விவரம் தெரிந்திருப்பது நல்லது. டாட் காம் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றினால், அதற்குப் பிறகு 60 நாள் இன்னொரு மாற்றம் செய்ய முடியாதபடி பூட்டு விழுவது வழக்கம். அதே நிறுவனத்திலேயே ரிசார்ட் பெயரில் ஒரு கணக்கு திறந்து, நண்பர் கணக்கிலிருந்து அதற்கு நகர்த்துவது எளிது. நாங்கள் அதையே செய்து, கையோடு புதுப்பித்தும் விட்டோம்.

இணையதளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் முந்தைய ஏஜென்சியின் கணக்குக்குள் இருந்தது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த இரண்டு பக்கமும் நிர்வாகி அனுமதி வேண்டும். கேட்டோம், கிடைக்கவில்லை, புதிதாகத் தொடங்கினோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்துவிட வேண்டும். விரிவான பயனர் தரவை வைத்திருக்கும் காலம் தானாக 2 மாதம் என்று இருக்கும், அதை 14 மாதமாக மாற்றலாம். மாற்றாமல் விட்டால் அடுத்த வருட ஆடியில் இந்த வருட ஆடியைத் தோண்டிப் பார்க்க முடியாது. கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலுக்கு, டொமைன் கைக்கு வந்ததும் அதன் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு வரி சேர்த்து உரிமை எடுத்தோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரக் கணக்கு எல்லாம் ரிசார்ட் பெயரில், பணமும் அவர்கள் கார்டிலிருந்து. நாங்கள் கூட்டாளியாகவும் மேலாளர் கணக்கு வழியாகவும் இணைந்தோம். எந்த பாஸ்வேர்டும் வாட்ஸ்அப்பில் போகவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மகன் கேட்டார்: "காசு கட்டியாச்சு, விளம்பரம் எப்பங்க ஆரம்பிக்கும்?" நியாயமான கேள்வி. முதல் மாதம் விளம்பரத்துக்கான 15,000 செலவாகாது, அது அவர்களிடமே இருக்கும் என்று முதலிலேயே எழுதியிருந்ததால் பேச்சு சுமுகமாகவே போனது. புரொஃபைல் கைக்கு வந்த அன்றே மேப்பில் தப்பாக இருந்த குறியைச் சரியான வாசலுக்கு நகர்த்தினோம். விருந்தினர்கள் பக்கத்துத் தோட்டத்தின் கேட்டில் போய் நிற்பது நின்றது. அப்பாவுக்கு அதுவே பெரிய திருப்தி.

எந்த எண் வெற்றி

மூன்றாவது வாரம் அளவுகோல். மகன் சொன்னது, "நேரடி புக்கிங் ஏறணும். புக்கிங் சைட்டுக்கு 20 சதவீதம் கமிஷன் போகுது." கேட்க ரொம்பச் சரியாக இருக்கிறது. அதையே எழுதிக் கையெழுத்து போட்டிருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது மட்டும் போதாது என்று தெரிந்தது.

வார நாளில் ஓர் அறையின் சராசரி வாடகை 2,800 ரூபாய். ஒரு அறை கூடுதலாக நிறைந்தால் காலை டிபன், சலவை, வெந்நீர் என்று 800 ரூபாய் செலவு, கையில் நிற்பது 2,000. அதே சமயம், எப்படியும் புக்கிங் சைட் வழியாக வந்திருக்கக்கூடிய ஒருவர் நேராகப் போன் செய்து வந்தால் மிச்சமாவது கமிஷன் மட்டும், அதாவது 560 ரூபாய். எங்கள் கட்டணமும் விளம்பரமும் சேர்த்து மாதம் 35,000. அது திரும்பி வர, ஓர் அறை ஓர் இரவு நிறைந்தால் ஓர் அறை இரவு என்ற கணக்கில், புதிதாக 18 அறை இரவுகள் நிரம்ப வேண்டும். சைட்டிலிருந்து நேரடிக்கு மாறினவர்கள் மட்டும் என்றால் 60 பேருக்கு மேல் மாற வேண்டும், அத்தனை பேர் அங்கே வருவதே இல்லை. "நேரடி புக்கிங் இரண்டு மடங்கு" என்று நாங்கள் அறிக்கை காட்டிக்கொண்டே இருக்க, அவர்களுக்கு மாதாமாதம் நஷ்டம் ஆகிக்கொண்டிருக்கலாம்.

அதனால் ஒரே பக்கத்தில் இரண்டு எண்களைச் சேர்த்து எழுதினோம். ஒன்று, வார நாள் இரவுகளில் நிறைந்த மொத்த அறைகள். இரண்டு, அதில் நேரடியாக வந்தவை. வெற்றி என்பது முதல் எண்ணில்தான், இரண்டாவது அதை விளக்க மட்டும்.

எதோடு ஒப்பிடுவது? ஜூலையில் எடுத்த எண்ணை அடிப்படையாக வைத்திருந்தால் ஆவணியில் கல்யாணக் கூட்டம் வரும்போது அந்த ஏற்றத்தை நாங்கள் எங்கள் கணக்கில் போட்டுக்கொண்டிருப்போம். ஆகவே ஆவணியை ஆவணியோடு ஒப்பிடுவது என்று பேசினோம். வார நாள் என்றால் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகள். பண்டிகை விடுமுறையை ஒட்டியவை, மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டவை, இரண்டையும் கழித்துவிட வேண்டும். போன வருட ரிஜிஸ்டரில் இப்படிக் கழித்தது போக 20 சாதாரண இரவுகள். 14 அறை வீதம் 280 அறை இரவுகளில் நிறைந்தது 71. புக்கிங் சைட் வழியாக 42, நேரடியாக 29. அனலிட்டிக்ஸில் பழைய தரவு இல்லாமல் போனது இங்கே பெரிய குறையாகத் தெரியவில்லை, நோட்டே எல்லாம் சொல்லிவிட்டது. மொத்தம் 71-ஐ 92 ஆக்குவது இலக்கு. 18-க்கு மேல் மூன்று சேர்த்து, விருந்தினருக்குத் தரும் சின்னச் சலுகைகளுக்கு இடம் விட்டோம்.

அளப்பதற்கு வழி வேண்டுமே. விருந்தினரிடம் "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பத்துக்கு எட்டு பேர் "கூகுள்" என்பார்கள். மேப்பில் பார்த்தவரும் அதைத்தான் சொல்வார், விளம்பரத்தைத் தொட்டவரும், புக்கிங் சைட்டில் பார்த்துவிட்டு எண்ணைத் தேடினவரும் அதைத்தான் சொல்வார். ஆகவே கேள்வியை மாற்றி, "எங்க நம்பரை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்கச் சொன்னோம். ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு பத்தி கோடு போட்டார்கள். இணையதளத்துக்கும் மேப் புரொஃபைலுக்கும் மட்டும் புது சிம் ஒன்று, பழைய எண் பழைய வாடிக்கையாளர்களுக்கு. மேப்பிலிருந்து இணையதளத்துக்கு வருகிறவர்கள் தனியாகத் தெரிய, புரொஃபைலில் கொடுக்கும் முகவரியின் வாலில் இதைச் சேர்த்தோம்:

```
?utm_source=google&utm_medium=organic&utm_campaign=gbp
```

இது இல்லாவிட்டால் மேப்பிலிருந்து வந்தவரும் சாதாரணத் தேடலில் வந்தவரும் ஒரே குவியலில் கலந்துவிடுவார்கள்.

கடைசி வாரம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து. எங்கள் பொறுப்பு மட்டும் எழுதிய தாள் அரைத் தாள்தான் என்பது என் எண்ணம். ஆகவே அவர்கள் பக்கமும் எழுதினோம். இரவு பத்தரை வரை புது எண்ணை எடுக்க ஓர் ஆள், தவறிய அழைப்புக்கு மறுநாள் காலை ஒன்பதுக்குள் திருப்பி அழைப்பு, திருப்பி அழைக்காதவற்றின் எண்ணிக்கை ஒவ்வொரு திங்களும் எங்களுக்கு. அப்பா இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "பையனைப் பரிமாறப் போகச் சொல்றதே நான்தான்" என்று சொல்லிக் கையெழுத்து போட்டார். மகன் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் இந்த வரி ஒரு வாரம்கூட நின்றிருக்காது. யார் முடிவெடுக்கிறார், யார் அதை நடத்துகிறார் என்று முதல் நாளே பார்த்து, இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆவணி கணக்கு

ஆகஸ்டில் விளம்பரம் தொடங்கியது, திங்கள் முதல் வியாழன் வரை தங்க பெங்களூர் ஜோடிகளுக்கு. ஆவணி முடிந்ததும் ரிஜிஸ்டரை எடுத்து அதே முறையில் 20 இரவுகளை எண்ணினோம். நேரடி புக்கிங் 29-லிருந்து 47. புக்கிங் சைட் 42-லிருந்து 37. மொத்தம் 84.

நேரடி எண்ணை மட்டும் பார்த்தால் 18 கூடியிருக்கிறது, அறுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றம். அதை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் அன்று இனிப்புப் பெட்டி வந்திருக்கும். மொத்தத்தில் கூடியது 13 தான். 13 அறைக்கு 26,000 ரூபாய், சைட்டிலிருந்து நேரடிக்கு மாறின ஐந்துக்கு மிச்சமான கமிஷன் 2,800, ஆக 28,800. செலவு 35,000. இன்னும் 6,200 ரூபாய் பள்ளம்.

மகனுக்கு முகம் வாடியது. அப்பா ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, எண் எங்கிருந்து எடுத்தது என்ற பத்தியில் விரலை வைத்துக் கீழே வரை போனார். நேரடியாக வந்த 47-இல் மேப்பைப் பார்த்துப் புது எண்ணுக்கு அழைத்தவர்களே அதிகம், விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் சிலர்தான். இரவு எட்டுக்கு மேல் வந்த அழைப்புகளில் திருப்பி அழைக்காதவை வாரத்துக்கு இரண்டு, மூன்றாகக் குறைந்திருந்தன. அதாவது ஏற்றத்தில் பெரும்பங்கு போனை எடுத்ததாலும் மேப் சரியானதாலும் வந்தது. பெங்களூர் விளம்பரம் போட்ட காசுக்கு இன்னும் கணக்குக் கொடுக்கவில்லை.

அங்கேயே முடிவு செய்தோம். விளம்பரச் செலவை 15,000-லிருந்து 8,000 ஆகக் குறைப்பது, பெங்களூர் ஜோடிகளை விட்டுவிட்டு, அந்த 8,000-ஐ வார நாளில் ஐந்தாறு அறைகள் சேர்த்து எடுக்கும் பயிற்சி முகாம் குழுக்களுக்கு வைப்பது. இப்போது செலவு 28,000, ஆகவே கூடுதலாக 14 அறை இரவு வந்தாலே சமம். அடுத்த கணக்கு கார்த்திகை முடிந்ததும், போன வருடக் கார்த்திகையோடு. அப்போதும் மொத்தம் 14 கூடவில்லை என்றால் 15 நாள் முன்னறிவிப்போடு யாரும் விலகிக்கொள்ளலாம் என்ற வரியை அப்பாவே தன் கையால் அந்தத் தாளின் அடியில் எழுதினார். விலகினால் நாங்கள் செய்ய வேண்டியது அதற்கும் கீழே இருக்கிறது. எல்லாக் கணக்கும் ஏற்கெனவே ரிசார்ட் பெயரில் இருப்பதால், ஷீட்டில் உள்ள ஒவ்வொரு வரியிலிருந்தும் எங்கள் அனுமதியை நீக்கி, நீக்கிய தேதியை எதிரே எழுத வேண்டும்.